‘சீம்’ என்பதற்கு ஒரு சொல் போதுமா? போலி மைக்கூடு வழிகாட்டிக்கான கலைச்சொல்

சிவகாமி, மதுரை

குழு நண்பர்களுக்கு வணக்கம். போலி மைக்கூடுகளைப் புகைப்படத்தை வைத்து அடையாளம் காண்பதற்கு ஒரு தமிழ் வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். கடையில் எல்லாரும் பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தக் குழுவில் முடிவான ‘மைக்கூடு’ நன்றாகப் பழகிவிட்டதால் அதையே வைத்திருக்கிறேன். வழிகாட்டியோடு ஒரு படிவமும் உண்டு. அதில் மூன்று இடங்கள்: பெட்டியின் முத்திரை, சில்லுப் பகுதி, வார்ப்புத் தையல். முதல் இரண்டில் குழப்பம் இல்லை. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

பிளாஸ்டிக் கூட்டில் தெரியும் இணைப்புக் கோட்டை ஆங்கிலத்தில் ‘சீம்’ என்கிறார்கள். அதற்கு நேராகத் ‘தையல்’ என்று போட்டிருந்தேன். வெள்ளோட்டமாக, ஒரே கறுப்பு மைக்கூட்டின் படங்களை இரண்டு பேரிடம் கொடுத்தேன். ஒருவர் ‘தையல் அசலைப் போலவே இருக்கிறது’ என்று எழுதினார். மற்றவர் ‘தையல் பிரிக்கப்பட்டு ஒட்டப்பட்டிருக்கிறது’ என்று எழுதினார். கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, இருவரும் பார்த்தது வேறு வேறு கோடு. ஒருவர் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டைப் பார்த்திருக்கிறார். மற்றவர் மூடி உடலோடு சேரும் விளிம்பைப் பார்த்திருக்கிறார். என் சொல் இரண்டுக்கும் பொருந்திவிட்டது. இதைச் சரிசெய்யாமல் படிவத்தை வெளியிட எனக்கு மனமில்லை.

இஸ்மாயில், சென்னை

ரிச்சி தெருவில் 19 வருடமாகப் பிரிண்டர் சர்வீஸும் ரீஃபில்லும் செய்கிறேன். எனக்குத் தெரிந்தவரை இது ரொம்ப எளிது அம்மா. ஒரிஜினலில் அந்தக் கோடே இருக்காது, விரலால் தடவினால் வழவழவென்று போகும். டூப்ளிகேட்டில் கோடு தடிப்பாக இருக்கும், ஓரத்தில் பிசிறு நகத்தில் தட்டும். அதனால் ‘பிசிறு’ என்றே போட்டுவிடுங்கள். எந்தக் கடைப் பையனுக்கும் புரியும்.

பேராசிரியர் நடராசன், தஞ்சாவூர்

பிசிறு என்பது குறையின் பெயர், கோட்டின் பெயர் அல்ல. குறையே இல்லாத மைக்கூட்டிலும் அந்த இடத்தைச் சுட்டியாக வேண்டும் அல்லவா? மோல்டு என்பதற்கு அச்சு என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. செங்கல் அச்சு, முறுக்கு அச்சு என்கிறோம். ஆகவே ‘அச்சுக்கோடு’ என்பது என் முன்மொழிவு.

சிவகாமி

ஐயா, வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் உடனே எடுத்துக்கொண்டிருப்பேன். இங்கே பேசுவது அச்சுப்பொறியின் மையைப் பற்றி. ‘அச்சுக்கோடு சரியாக இல்லை’ என்று படித்தால், தாளில் விழுந்த அச்சில் கோடு விழுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். போலி மை போட்டால் அதுவும் நடக்கிறது என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

லூர்து மேரி, நாகர்கோவில்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் போன வருடம் இதே கதைதான். விலை குறைவு என்று வேறு பிராண்டு மைக்கூடு வாங்கினோம். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிரிண்டர் தானாக ஒரு அப்டேட் போட்டுக்கொண்டது, மறுநாளே ‘இந்தக் கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படாது’ என்று திரையில் வந்துவிட்டது. தேர்வு நேரம் வேறு. சில்லுப் பகுதியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அது போலி என்பதற்கு எந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்?

சிவகாமி

மேரி டீச்சர், நீங்கள் வாங்கியது போலி இல்லை. அந்தப் பெட்டியில் வேறு நிறுவனத்தின் சொந்தப் பெயர்தானே இருந்தது? அது இணக்க மைக்கூடு, வெளிப்படையாக விற்கலாம். அப்டேட்டுக்குப் பின் பிரிண்டர் அதன் சில்லை மறுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒருவருடைய வணிகக்குறியை மற்றவர் போட்டு விற்பதுதான் போலி. 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டத்தில் அதற்குத்தான் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. உங்கள் படத்தில் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

தங்கராசு, கோயம்புத்தூர்

நான் பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷனுக்கு டை, அதாவது பேராசிரியர் சொன்ன அச்சு, செய்கிறவன். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஸ்மாயில் பாய் சொல்வதில் பாதி சரி. ஒரிஜினலில் கோடே இருக்காது என்பது மட்டும் சரியில்லை. இரண்டு பாதியாகத் திறக்கிற டையில் வார்த்த எந்தப் பொருளிலும், அந்தப் பாதிகள் சந்தித்த இடத்தில் கோடு இருந்தே தீரும். நல்ல டையில் அது முடிபோல இருக்கும், பல நேரம் ஏதாவது ஒரு விளிம்பில் மறைத்து வைத்திருப்போம், அதனால் கைக்குத் தட்டுப்படாது. பாதிகளுக்கு நடுவே ஒரு தாளின் பருமனில் கால்வாசி இடைவெளி விழுந்தாலே உருகிய பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கும். அதுதான் பாய் சொல்கிற பிசிறு. லட்சக்கணக்கில் அடித்துத் தேய்ந்த டையில் அசலிலும் பிசிறு வரும். ஆகவே பிசிறை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. கோடு எந்த இடத்தில் ஓடுகிறது என்பதுதான் பெரிய தடயம். அசலைக் கையில் வைத்துக்கொண்டு போலி டை செய்கிறவனுக்கு அசல் டையின் வரைபடம் கிடைக்காது. எங்கே பிரிப்பது என்பதை அவனே முடிவு செய்தாக வேண்டும்.

மூடி சேர்கிற கோடு இதிலிருந்து முழுக்க வேறு. அது டையில் பிறந்ததே இல்லை. உடலும் மூடியும் தனித்தனியாக வார்க்கப்பட்டு, பிறகு அதிர்வில் உருக்கிச் சேர்க்கப்பட்டவை. தொழிற்சாலையில் சேர்த்தது சுற்றிலும் ஒரே அகலத்தில், உடலைப் போலவே மங்கலாக இருக்கும். கத்தியால் அறுத்து மறுபடி பசை போட்டு ஒட்டினால் அகலம் ஏறி இறங்கும், பசை வழிந்த இடம் பளபளக்கும்.

முதல் கோடு இந்த உடலை வார்த்தது யார் என்று சொல்லும். இரண்டாவது கோடு இதை யாராவது திறந்தார்களா என்று சொல்லும். கேள்வி இரண்டு என்றால் சொல்லும் இரண்டு வேண்டும்தானே? எங்கள் பட்டறையில் முதல் கோட்டைப் ‘பார்ட்டிங் லைன்’ என்றே சொல்கிறோம். ‘பிரிகோடு’ என்று யாராவது சொன்னால் என் ஆட்களுக்கு உடனே புரியும்.

சிவகாமி

தங்கராசு அண்ணா, மனம் நிறைந்த நன்றி. பிரிகோடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வெள்ளோட்டத்தில் கொடுத்த அதே மைக்கூட்டின் படங்களை இணைத்திருக்கிறேன். மூன்று இடத்தையும் நீங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்று எழுதுங்கள். அதை வைத்தே சொற்களைச் சோதித்துவிடலாம்.

தங்கராசு

பார்த்தேன். பெட்டி முத்திரையில் தொடங்குகிறேன். இது எச்பி பெட்டி. அவர்களுடைய முத்திரையில் ஓகே என்ற எழுத்தும் சரிக்குறியும் இருக்கும். பெட்டியை முன்னும் பின்னும் சாய்த்தால் இரண்டும் எதிரெதிராக நகரும், இடமும் வலமும் சாய்த்தால் ஒரே பக்கமாக நகரும். ஒரே ஒரு படத்தில் இந்த அசைவு தெரியவே தெரியாது. நல்ல வேளையாக நீங்கள் இரண்டு சாய்வில் எடுத்திருக்கிறீர்கள். இரண்டு படத்திலும் எழுத்தும் குறியும் அசையாமல் அதே இடத்தில் இருக்கின்றன. பளபளக்கும் தாளில் அச்சடித்த வெறும் படம் அது. பெட்டி போலி.

உடலின் பக்கவாட்டில் ஓடும் பிரிகோட்டை நீங்கள் அனுப்பிய அசலோடு வைத்துப் பார்த்தேன். ஓடும் இடம், விளிம்பில் மடங்கும் விதம், டை தள்ளிவிட்ட ஊசியின் வட்டத் தழும்புகள், எல்லாம் ஒன்றே. உடல் அசல் டையில் பிறந்ததுதான். ஆனால் மூடி ஓரத்தில், சில்லுக்கு எதிர்ப்பக்கம், ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டருக்குக் கோடு அகலமாகிப் பளபளக்கிறது. திறந்து ஒட்டியிருக்கிறார்கள்.

சில்லில் பொன்னிறப் பட்டைகள் ஒவ்வொன்றிலும் ஒரே திசையில் கீறல் தெரிகிறது. பிரிண்டருக்குள் உள்ள ஊசிகள் உரசினால் வருகிற கீறல் அது. புதுசு என்று விற்ற கூட்டில் அது ஏன் இருக்க வேண்டும்? தீர்ந்துபோன அசல் கூட்டை வாங்கி, திறந்து, ஏதோ மை நிரப்பி, போலிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் இரண்டு பேர் எழுதியதும் சரிதான் சகோதரி. ஒரு சொல்லுக்குள் இரண்டு உண்மையை அடைத்ததால் அவர்கள் முரண்பட்டதாகத் தெரிந்தது.

இஸ்மாயில்

கோடு பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில்லுக் கீறலில் அவசரப்பட வேண்டாம். சீல் உடைக்காத நல்ல சரக்கிலும் லேசான புள்ளியும் கீறலும் நான் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையில் சோதிக்கும்போதே ஊசி பட்டிருக்கலாம். கீறல் இருந்தாலே பழையது என்று படிவத்தில் போட்டால், நேர்மையாக விற்கிற கடைக்காரன் அடி வாங்குவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற படத்தை நம்பவே கூடாது. படம் சுருங்கும்போது கறுப்பு பிளாஸ்டிக்கின் விளிம்பில் இல்லாத கோடு முளைக்கும், இருக்கிற கோடு அழிந்துபோகும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். டார்ச்சைப் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பிடித்தால்தான் கோட்டுக்கு நிழல் விழும்.

சிவகாமி

கீறல் பற்றிய எச்சரிக்கையை அப்படியே சேர்க்கிறேன் பாய். நேர்மையான கடைக்கு இந்தப் படிவத்தால் ஒரு பழி வந்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கீறலுக்கு எதிரே ‘ஐயம்’ என்று மட்டும் குறிக்க இடம் விடுகிறேன், ‘போலி’ என்று குறிக்க இடமே இருக்காது. பக்கவாட்டு டார்ச் வெளிச்சம் பற்றியும் ஒரு பத்தி எழுதுகிறேன்.

இரண்டாவது கோட்டுக்கு என் மனதில் இருப்பது ‘மூட்டுவாய்’. கைலியை வாங்கியதும் இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பதை மூட்டுவது என்றுதானே சொல்கிறோம்? மூட்டின கைலி, மூட்டாத கைலி என்று துணிக்கடையில் கேட்டே விற்கிறார்கள். தனித்தனியாக இருந்த இரண்டு சேர்ந்த இடம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மூட்டியதைப் பிரிக்கவும் முடியும் என்பதும் இருக்கிறது. நமக்கு வேண்டியது இரண்டும்தான்.

பேராசிரியர் நடராசன்

‘அச்சுக்கோடு’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பிரிகோடு வினைத்தொகையாக அழகாக நிற்கிறது. பிரிந்த, பிரிகிற, பிரியும் என்று மூன்று காலத்துக்கும் டை அங்கேதான் பிரிகிறது. மூட்டுவாயில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வாய் என்றால் திறப்பு என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். மைக்கூட்டில் மை வெளியேறும் வாய் வேறு இருக்கிறது. ‘மூட்டுவரி’ என்றால் அந்த மயக்கம் வராது.

லூர்து மேரி

‘வரி’ என்றால் எங்கள் அலுவலகத்தில் சொத்துவரிதான் முதலில் நினைவுக்கு வரும் ஐயா! எனக்கு மூட்டுவாய்தான் சட்டென்று புரிந்தது. என் மைக்கூட்டை எடுத்து இப்போதுதான் பார்த்தேன். நீங்கள் சொன்ன இரண்டு கோடும் தனித்தனியாகத் தெரிகின்றன.

தங்கராசு

எந்தச் சொல்லானாலும் எனக்குச் சம்மதம். ஆனால் ஒரு எல்லையை எழுதிவிடுங்கள். ஒரே மாதிரிக் கூட்டை அசல் நிறுவனமே பல டைகளில் வார்க்கும், காலப்போக்கில் டையை மாற்றும். அதனால் பிரிகோடு பொருந்தினால் உடல் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். பொருந்தாவிட்டால் உடனே போலி என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு அசலோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இஸ்மாயில்

என் கடையில் காலிக் கூடுகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. என் வாடிக்கையாளர்கள் நேரடி விற்பனையாளரிடம் வாங்கியவை, யாரும் திறக்காதவை. வேறு வேறு வருடத்துச் சரக்கு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்து, டார்ச் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புகிறேன். பிரிகோடு எவ்வளவு மாறுகிறது, ஊசிக் கீறல் எப்படி இருக்கிறது என்று தங்கராசு அண்ணன் பார்த்துச் சொல்லட்டும்.

சிவகாமி

சரி, பிரிகோடு உறுதி. அடுத்த வெள்ளோட்டத்தில் பாதிப் படிவத்தில் மூட்டுவாய் என்றும் மீதியில் மூட்டுவரி என்றும் அச்சிடுகிறேன். எந்தப் படிவத்தில் ஆட்கள் மூடி விளிம்பைச் சரியாக வட்டமிடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். பாய், படங்களைக் கோப்பாகவே அனுப்புங்கள்.