பிரைவேட் போட்டு ஆறு மணி நேரம் ஆச்சு, மச்சானுக்கு மட்டும் இன்னும் தெரியுது

லயத்து மூணாவது வீடு:
சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துக் கோயிலோட வலைத்தளத்தை நான்தான் பாத்துக்கறேன். வேர்ட்பிரஸ். திருவிழா நன்கொடை நோட்டைப் படம் பிடிச்சு அப்படியே போட்டுட்டேன். 140 பேரோட பேரு, வீட்டு நம்பர், போன் நம்பர் எல்லாம் அதுல இருக்கு. ஒரு அண்ணி சத்தம் போட்டாங்க, காலையில 9 மணிக்கு பதிவை Private-ஆ மாத்திட்டேன். இப்ப மணி 3. என் போன்ல பதிவு வருது. அண்ணி இல்லைங்கறாங்க. சிங்கப்பூர்ல இருக்கற மச்சானுக்கு பழையபடியே வருது. யார் சொல்றது உண்மை?

கடைத்தெரு கடா:
பதறாதீங்க லா. மாத்தினது எல்லா செர்வருக்கும் போய்ச் சேர 24 மணி நேரம் ஆகும். மச்சானை கேஷைத் துடைக்கச் சொல்லுங்க, போயிடும்.

செம்பனைக்காடு:
மூணு பேரு சொல்றதும் உண்மைதான் தம்பி. உங்க போன்ல தலைப்புக்கு முன்னாடி Private-னு ஒரு சொல் ஒட்டியிருக்கான்னு பாருங்க. இருந்தா நீங்க அட்மினா உள்ள நுழைஞ்சிருக்கீங்க, அதனால உங்களுக்குத் தெரியும். நீங்க பாக்கறதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

கடா சொல்றதுல ஒண்ணு இடிக்குது. எங்கேயும் எதுவும் போய்ச் சேரல. நீங்க மாத்தினது 9 மணிக்கே உங்க செர்வர்ல முடிஞ்ச வேலை. பதிவு எல்லாருக்கும் திறந்திருந்த நேரத்துல யாரோ எடுத்து வச்ச நகல்தான் இன்னும் நடமாடுது. "இதை இனிமே காட்டாதே"ன்னு அந்த நகலுக்கு யாரும் சேதி சொல்லல. அதுக்குக் குடுத்த தவணை முடியற வரைக்கும் அது காட்டிட்டே இருக்கும். தளத்துக்கு முன்னாடி, பக்கத்தை நகல் எடுத்து வச்சுக் காட்டற சிடிஎன் எதாவது வச்சிருக்கீங்களா? மச்சான் கம்ப்யூட்டர்ல இதை ஓட்டச் சொல்லி, வர்றதை இங்க போடுங்க. பிரவுசர் கேஷ் இதுல குறுக்க வராது.

```
curl -I (பதிவோட முகவரி)
```

லயத்து மூணாவது வீடு:
சிடிஎன் இருக்கு அக்கா, இலவசத் திட்டம். யாரோ போடச் சொன்னாங்கன்னு போட்டேன். மச்சான் அனுப்பினது:

```
HTTP/2 200
cache-control: public, max-age=86400
age: 50400
```

செம்பனைக்காடு:
வேண்டியது எல்லாமே இதுல இருக்கு. max-age-னா தவணை, விநாடிக் கணக்கு. 86400-னா சரியா ஒரு நாள். age-னா அந்த நகல் பிறந்து எவ்வளவு நேரம் ஆச்சுங்கறது. 50400 விநாடி, 14 மணி நேரம். இப்ப மணி 3, அப்படின்னா நேத்து ராத்திரி 1 மணிக்கு சிடிஎன்காரனோட செர்வர் ஒண்ணு உங்க பதிவை எடுத்து வச்சிருக்கு. நீங்க Private போட்டதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடி. இன்னும் 36000 விநாடி பாக்கி. ஒண்ணும் செய்யாம விட்டாலும் இன்னிக்கு ராத்திரி 1 மணிக்கு மச்சானுக்குப் போயிடும்.

சிடிஎன்னுக்கு ஊருக்கு ஊர் செர்வர், ஒவ்வொண்ணுலயும் தனித்தனி நகல். அண்ணியோட லைன் போற செர்வர்ல நகல் இல்லாம இருந்திருக்கும். அது உங்க செர்வரைக் கேட்டிருக்கும், அங்கிருந்து பக்கம் இல்லைங்கற 404 வந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சிடிஎன் பக்கம் போய் அந்த முகவரிக்கு நகலை அழிக்கற Purge அழுத்துங்க. அதுக்கப்புறமும் மச்சானுக்குத் தெரிஞ்சா, அது அவர் பிரவுசர்ல கிடக்கற நகல். அப்பத்தான் கடா சொன்ன வைத்தியம் வேலை செய்யும்.

மீனா சித்தி:
எனக்கும் இதே தொல்லை. புரொஃபைல் படத்தை யாரும் பாக்கக்கூடாதுன்னு மறைச்சு வச்சேன், சம்பந்தி வீட்டுல இன்னும் பழைய படத்தையே பாத்து கேலி பண்றாங்க. எனக்கும் அந்த கர்ல் போடணுமா?

செம்பனைக்காடு:
வேண்டாம் சித்தி, அது வேற கதை. அவங்க போன்ல ஸ்கிரீன்ஷாட்டா இருந்தா நாம ஒண்ணும் செய்ய முடியாது.

பால்வாளி:
எனக்கு இந்த விளக்கமே பிடிக்கல. ஆளு "மறை"ன்னு சொல்லியாச்சு, அப்புறம் பதினாறு மணி நேரம் ஊருக்குக் காட்டினா அது நகல் மேல தப்பா? முதல்லயே இப்படிக் கட்டி வச்சவங்க தப்பு. போன் நம்பர் இருக்கற பக்கத்தை கேஷ் பண்ணவே கூடாது. நகலே வைக்காதேங்கற no-store போட்டிருக்கணும்.

செம்பனைக்காடு:
உள்ள நுழைஞ்சு பாக்கற பக்கத்துக்கு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. பேங்க் கணக்குப் பக்கமெல்லாம் அப்படித்தான் வரும். இது அப்படி இல்லையே! ராத்திரி 1 மணிக்கு இது ஊருக்கே திறந்து வச்ச பக்கம். காலையில மனசு மாறும்னு செர்வருக்கு எப்படித் தெரியும்?

பால்வாளி:
தெரியாதுன்னா தவணையைக் குறைச்சு வைக்கணும். கோயில் தளத்துக்கு ஒரு நாள் எதுக்கு? அஞ்சு நிமிஷம் போதும்.

செம்பனைக்காடு:
பக்கத்துக்கு 300 விநாடி வைக்கறதுல எனக்கும் சம்மதம்தான். படத்துக்கும் அதையே வச்சா, திருவிழா அன்னிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல திறக்கறப்ப இவர் ஹோஸ்டிங் தாங்காதுன்னு எனக்குத் தோணுது.

பால்வாளி:
ஒரு நாள் திருவிழாவுக்காக வருஷம் பூரா ஆபத்தா? நான் ஒத்துக்க மாட்டேன்.

லயத்து மூணாவது வீடு:
Purge பண்ணிட்டேன், மச்சானுக்கு 404 வந்திருச்சு! ஆனா கோயில் வாட்ஸ்அப் குரூப்ல யாரோ படத்தோட லிங்கை மட்டும் தனியா போட்டிருக்காங்க. அது இன்னும் திறக்குது.

செம்பனைக்காடு:
அதைத்தான் அடுத்து சொல்ல வந்தேன். Private-ங்கறது பதிவுக்குப் போடற பூட்டு. படம் `wp-content/uploads` உள்ள தனிக் கோப்பா கிடக்கு, அதுக்கு அந்தப் பூட்டு கிடையாது. முகவரி தெரிஞ்ச யாரும் திறக்கலாம். மீடியா லைப்ரரியில போய் அழிங்க. அப்புறம் அந்தப் படத்தோட முகவரிக்கும் Purge.

குரூப்ல பதிவோட லிங்கைப் போட்டவங்க இருந்தா, அதுக்குக் கீழ குட்டிப் படம் ஒண்ணு தெரியும். அதை அனுப்பினவரோட போனே தயார் பண்ணி செய்தியோட சேத்து அனுப்பிடுது. உங்க தளத்துல எதை அழிச்சாலும் அது போகாது. குரூப் அட்மினைப் பிடிச்சு செய்தியையே அழிக்கச் சொல்லுங்க.

கடைத்தெரு கடா:
கூகுள்லயும் வரும் லா. `robots.txt`-ல Disallow போட்டு அடைச்சிடுங்க, நான் கடைத் தளத்துக்கு அப்படித்தான் செஞ்சேன்.

செம்பனைக்காடு:
ஐயோ, போட்டுடாதீங்க! Disallow போட்டா கூகுள் அந்தப் பக்கத்தைத் திரும்ப வந்து பாக்காது. பாத்தாதானே 404-னு தெரிஞ்சு பட்டியல்லேர்ந்து எடுக்கும்? கதவைச் சாத்திட்டு, வீடு காலியாச்சுன்னு தெரிஞ்சுக்கோன்னா எப்படி? திறந்தே விடுங்க. அவசரம்னா கூகுளோட Search Console-ல Removals இருக்கு. அது ஆறு மாசம் மாதிரி மறைச்சு வைக்கும், அதுக்குள்ள கூகுள் வந்து 404-ஐப் பாத்துக்கும்.

கடைத்தெரு கடா:
என் கடைப் பக்கம் ஒண்ணு ரெண்டு வருஷமா கூகுள்ல வந்துட்டே இருக்கு. இப்பத்தான் புரியுது.

லயத்து மூணாவது வீடு:
படத்தை அழிச்சாச்சு, Purge-ம் பண்ணியாச்சு. `list.jpg` போயிடுச்சு. ஆனா `list-1024x768.jpg` மச்சானுக்கு இன்னும் வருது அக்கா. நம்பர் எல்லாம் தெளிவா படிக்க முடியுதாம்.

செம்பனைக்காடு:
ஏத்தினப்பவே வேர்ட்பிரஸ் பல அளவுல வெட்டி வச்சிருக்கும். லைப்ரரியில அழிச்சதும் உங்க செர்வர்ல எல்லா அளவும் போயிருக்கும், சிடிஎன்ல ஒவ்வொரு முகவரிக்கும் தனி நகல். ஒவ்வொண்ணா தேட வேண்டாம், Purge Everything அழுத்துங்க. கொஞ்ச நேரம் தளம் மெதுவா இருக்கும். மச்சானை மறுபடி curl போடச் சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்.