லெட்டர் தாளில் வந்த நினைவு மலரை ஏ5 அளவுக்கு மாற்றிய அனுபவங்கள்

கல்லடித் தட்டச்சர்

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலர்கள் பெரும்பாலும் ஏ5 அளவில்தான் அச்சாகின்றன. ஆனால் மலரைத் தொகுக்கும் பிள்ளைகள் கனடாவில் இருந்தால், அங்கு வழக்கிலுள்ள லெட்டர் தாளுக்கு அமைத்த வேர்ட் கோப்பாகவே அது வந்து சேர்கிறது. அண்மையில் வந்த ஒன்றில் 40 பக்கங்கள். எழுத்து 12 பொயின்ட். இடையிடையே குடும்பப் படங்கள், இரங்கற்பாக்கள், கடைசியில் ஒரு குடும்ப வழிப்படம். Layout பகுதியில் Size என்பதில் A5 என்று தெரிவுசெய்தேன். முகப்பும் தேவாரப் பக்கமும் மட்டும் சிறிதாயின. மற்றவை லெட்டராகவே நின்றன. ஒவ்வொன்றாக மாற்றியபோது படங்கள் வலது ஓரத்துக்கு வெளியே ஓடின, பக்க எண்கள் மறைந்தன. இவ்வேலையைச் செய்தவர்கள் எவ்வாறு முடித்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை

தம்பி, கோப்பைத் தொடவே தேவையில்லை. அச்சிடும் பக்கத்தில் 1 Page Per Sheet என்பதைத் திறந்தால், அடியில் Scale to Paper Size என்று இருக்கும். அதில் A5 என்று கொடுத்துப் பிடிஎப் ஆக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிகூட இடம் மாறாது. ஏ4 அளவில் தயாரித்த பயிற்சித் தாள்களை நான் இப்படித்தான் சிறு கையேடாக ஆக்கி மாணவருக்குக் கொடுக்கிறேன். இதுவரை ஒரு படமும் நகர்ந்ததில்லை.

கல்முனை அச்சுக்காரர்

ரீச்சர் சொல்லும் வழி ஏ4 தாளுக்கு மிகச் சரி. ஏ4, ஏ5 இரண்டுக்கும் நீள அகல விகிதம் ஒன்றே என்பதால், 71 வீதத்துக்குச் சுருக்கினால் பக்கம் அப்படியே பொருந்தி விடும். லெட்டர் தாளின் விகிதம் வேறு. அது 216 மில்லிமீற்றர் அகலமும் 279 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. ஏ5 தாள் 148க்கு 210. அகலத்துக்குப் பொருந்தச் சுருக்கினால் ஏறத்தாழ 68 வீதம் வரும்; அப்போது உயரத்தில் இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான வெற்றிடம் மிஞ்சும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 12 பொயின்ட் எழுத்து 8 பொயின்டுக்குச் சற்று மேலாகச் சுருங்கி விடுவதுதான் பெரிய குறை. மலரை வாங்கிப் படிப்போரில் பாதிப் பேர் முதியவர்கள். அந்த அளவில் ஈகார விசிறியின் சுழிகள் மை ஏறி அடைபட்டுப் போகும்.

ஆகவே, தம்பியின் கோப்பை மறுபடி அமைக்கத்தான் வேண்டும். முதலில் Page Setup பெட்டியைத் திறந்து, தாள் அளவை மாற்றும்போதே Apply to என்ற இடத்தில் Whole document என்று கொடுங்கள். கோப்புக்குள் பிரிவு முறிப்புகள் இருந்தால், Size பட்டியல் நீங்கள் நிற்கும் பிரிவை மட்டுமே மாற்றும். முகப்பு மாறி மற்றவை மாறாததற்குக் காரணம் அதுவே. தைக்கும் பக்கத்துக்கு 2 சென்ரிமீற்றரும் அதன் எதிர்ப்பக்கத்துக்கு ஒன்றரையும் மேலும் கீழும் ஒன்றரை முதல் இரண்டு வரையும் ஓரம் விட்டால், எழுத்து ஓடும் அகலம் 11.3 சென்ரிமீற்றர் ஆகும். லெட்டரில் ஓர் அங்குல ஓரத்துடன் அது 16.5 ஆக இருந்திருக்கும்.

எழுத்தை 10.5 பொயின்டுக்குக் கீழே நான் இறக்குவதில்லை. அந்த அளவில் பக்கங்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். 40 பக்கம் 58 அளவில் வந்து நிற்கும், மடித்துத் தைப்பதற்கு நான்கின் மடங்காக 60 என்று வைத்துக்கொள்ளலாம். விலை பேசும்போதே இதை வீட்டாருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

எழுத்தளவை மாற்றும்போது ஓர் இடத்தில் நிதானம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மலர்களில் புதிதாகத் தட்டச்சிட்ட கட்டுரைகள் யூனிகோட்டிலும், பழைய மலர்களிலிருந்து எடுத்து ஒட்டிய தேவாரங்கள் பாமினியிலும் இருப்பது வழக்கம். முழுவதையும் தெரிவுசெய்து Ctrl+Space அழுத்தினால், பாமினி எழுத்துருவும் நீங்கி, தேவாரம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகி விடும். அதற்குப் பதிலாக, தேடி மாற்றும் பெட்டியில் எழுத்தளவை மட்டும் கொடுத்து, 12ஐத் தேடி 10.5 ஆக மாற்றுங்கள். அங்கும் எழுத்துருப் பெட்டியில் Latin text, Complex scripts என்று இரண்டு இடங்கள் இருந்தால் இரண்டு முறை செய்ய வேண்டும்: யூனிகோட் தமிழ் இரண்டாவதன் அளவையும், பாமினி முதலாவதன் அளவையும் பின்பற்றும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, பாதி எழுத்து ஏன் சுருங்கவில்லை என்று தேடுவோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படங்களின் நகர்வுக்கு வருவோம். எழுத்து சுற்றி ஓடும்படி வைத்த படம் ஏதோ ஒரு பந்தியோடு கட்டப்பட்டிருக்கும். பக்கம் சுருங்கி அந்தப் பந்தி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டால், படமும் அதன் பின்னே போகும். தாளின் இடது விளிம்பிலிருந்து இத்தனை சென்ரிமீற்றர் என்று குறித்து வைத்த படமோ பழைய அளவையே பிடித்துக்கொண்டு ஓரத்தை மீறும். மலருக்கு நான் எல்லாப் படங்களையும் In Line with Text ஆக்கி, படத்தையும் அதன் பெயர் வரியையும் கோடில்லாத ஓர் அட்டவணைக் கட்டத்துக்குள் வைத்து, அட்டவணையின் அகலத்தைச் சென்ரிமீற்றரில் அல்லாமல் 100 வீதம் என்று கொடுப்பேன். படத்தின் அகலம் மட்டும் தானாகக் குறையாது. 11 சென்ரிமீற்றருக்குள் நீங்களே இறக்க வேண்டும். இதன் பின் படம் மெல்லிய கீற்றாகத் தெரிந்தால், அந்தப் பந்தியின் வரி இடைவெளி Exactly என்று இருக்கிறது என்று பொருள். அதை Single ஆக்கினால் முழுப்படமும் வெளிவரும்.

பக்க எண் மறைவதற்குத் தலைப்புப் பகுதியிலுள்ள வலது ரப் நிறுத்தமே காரணம். அது பழைய தாளில் 16.5 சென்ரிமீற்றரில் குறிக்கப்பட்டது. புதிய தாளின் முழு அகலமே 14.8தான். அதை நீக்கிவிட்டு Insert Alignment Tab மூலம் வலது ஓரத்தோடு பொருத்துங்கள். பிறகு தாளை எத்தனை முறை மாற்றினாலும் எண் ஓரத்திலேயே நிற்கும்.

சம்மாந்துறை வாசகர்

நிழற்பிரதி இயந்திரத்தில் 141 வீதம் கொடுத்தால் ஏ4 ஏ3 ஆகும். பள்ளிவாசல் அறிவித்தலை நாங்கள் அப்படித்தான் பெருப்பித்தோம், எழுத்தும் பிழைக்கவில்லை. படம்தான் சற்றுப் பொரிந்து தெரிந்தது. இதற்கு இவ்வளவு வேலை ஏன்?

கல்முனை அச்சுக்காரர்

நானா, நீங்கள் செய்தது தாளைப் பெருப்பித்தல். விகிதம் ஒன்றாக இருந்ததால் பொருந்தியது. இங்கே கோப்புக்குள் வரிகளே புதிதாக ஓட வேண்டியிருக்கிறது.

கல்லடித் தட்டச்சர்

ஐயா சொன்னபடி செய்து பார்த்ததில் கட்டுரைகளும் படங்களும் ஒழுங்காயின. தேவாரத்துக்கு முதல் இடத்திலும் கட்டுரைகளுக்கு இரண்டாவது இடத்திலும் அளவு மாற்றினேன். வெற்று வரிகளை அடுக்கித் தள்ளியிருந்த தலைப்புகளுக்கு Page break before கொடுத்தபின் பாதிப் பக்கம் வெறுமையாக நிற்பதும் நின்றது. இரங்கற்பாக்களில் நீண்ட அடிகள் மடிந்து விழுகின்றன. மடிந்த பகுதி உள்ளே தள்ளி நிற்கும்படி தொங்கல் ஓரம் கொடுத்திருக்கிறேன். குடும்ப வழிப்படம்தான் இன்னும் அடங்கவில்லை. எழுத்துப் பெட்டிகளையும் கோடுகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கினால், பெட்டி மட்டும் சுருங்குகிறது. எழுத்து பழைய அளவிலேயே நின்று, பெயர்களின் பின்பாதி மறைந்து விடுகிறது.

அக்கரைப்பற்று வடிவமைப்பாளர்

அந்தப் பக்கத்தை மட்டும் தனிப் பிரிவாக்கிக் கிடையாகத் திருப்புங்கள். ஏ5 கிடையாக இருந்தால் ஓரம் போக 18 சென்ரிமீற்றர் கிடைக்கும். உங்கள் படம் 16.5க்குள் இருந்தால் அகலத்தில் சுருக்கவே வேண்டியதில்லை.

கல்முனை அச்சுக்காரர்

அகலம் கிடைக்கும், ஆனால் உயரம் 12 சென்ரிமீற்றருக்குள் வந்துவிடும். நான்கு தலைமுறை அதற்குள் நிற்காது. நான் என்றால் பழைய லெட்டர் கோப்பிலிருந்து அந்தப் பக்கத்தைப் பிடிஎப் ஆக எடுத்து, 300 புள்ளி அடர்த்தியில் படமாக்கிச் செருகுவேன்.

அக்கரைப்பற்று வடிவமைப்பாளர்

அப்படிச் செய்தால் எழுத்து மறுபடி 8 பொயின்டுக்கே போய்விடும், ஐயா. நீங்களே வேண்டாம் என்று சொன்ன அளவு அது. தாய் வழியை ஒரு பக்கத்திலும் பிள்ளைகளின் வழியை எதிர்ப் பக்கத்திலுமாகப் பிரித்து வரைவதே மேல்.

கல்லடித் தட்டச்சர்

வீட்டார் ஒரே பக்கத்தில்தான் வேண்டும் என்கிறார்கள். ஏ4 தாளில் தனியாக அச்சிட்டு, மடித்து, நடுவில் சேர்த்துத் தைக்க அச்சகம் ஒப்புக்கொள்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.