அரியதரம் உச்சித் தட்டிலா, கீழ்த்தட்டிலா?

காரைதீவுக்காரி: சித்திரை வருஷத்துக்கு மூன்றடுக்குத் தட்டில் பலகாரம் வைத்தால் உச்சியில் அரியதரம்தான். அதைக் கீழே வைப்பவர்களுக்கு அலங்காரமே தெரியாது.

வாவிக்கரை: யாருக்குத் தெரியாது? அந்தத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா? நடுவில் துளை போட்டுத்தான் கம்பியைத் திருகியிருக்கிறார்கள். அரியதரம் விடும் எண்ணெய் அந்தத் துளைக்குப் போய்க் கம்பி வழியே இறங்கும். மத்தியானம் நடுத்தட்டில் கம்பியோரம் இருக்கும் முறுக்கைத் தொட்டுப் பாருங்கள், கை பிசுபிசுக்கும்.

காரைதீவுக்காரி: எங்கள் வீட்டு அரியதரம் எண்ணெய் விடாது. உங்கள் கைப்பக்குவத்துக்கு நான் என்ன செய்ய?

களுதாவளைத் தம்பி: அக்கா சொல்வதும் சரிதான். சட்டியிலிருந்து எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினால் எண்ணெய் போய்விடும். அப்புறம் எங்கே வைத்தால் என்ன?

வாவிக்கரை: அழுத்தினால் எல்லாம் போகாது தம்பி. மிச்சம் ஆற ஆறத்தான் கசியும். ஓர் இரவு தாளின் மேல் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திவையுங்கள், காலையில் தாளே சொல்லும். அதன் பிறகும் அரியதரம் கீழ்த்தட்டுக்குத்தான். அது அகலமான தட்டு. ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி வட்டமாக அடுக்கலாம், பாரம் அடியில் இருப்பதால் சாயாது. உச்சிக்கு அச்சுப் பலகாரம் போதும், பூ வடிவம், எடையும் இல்லை. எந்தத் தட்டிலும் இரண்டு விரல் அகலத்துக்கு விளிம்பு தெரிய வேண்டும். பித்தளை என்றால் முதல் நாளே புளி போட்டுத் துலக்குங்கள். குவித்து மூடுவதற்கு நல்ல தட்டு எதற்கு?

திருக்கோவில் மாமா: எங்கள் வீட்டில் வெற்றிலை வட்டா மூன்று இருக்கிறது, சுனாமிக்குத் தப்பியவை. ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அடுக்குத் தட்டுதானே? துளையும் இல்லை.

வாவிக்கரை: திருகும் இல்லை மாமா. ஒரு பிள்ளை மேசையில் இடித்தால் மூன்றும் தரையில். வருகிறவர்களுக்கு வெற்றிலையை எதில் கொடுப்பீர்கள்?

காரைதீவுக்காரி: மாமாவையும் விடமாட்டீர்களா? போன தீபாவளிக்கு நீங்கள் போட்ட படத்தில் தொதலும் முறுக்கும் ஒரே தட்டில் இருந்தன. அந்த முறுக்கு நமத்துப் போகாதா?

வாவிக்கரை: அது படத்துக்காக வைத்தது. எடுத்ததும் பிரித்துவிட்டோம்.

காரைதீவுக்காரி: ஓகோ! உங்கள் படத்துக்கு ஒரு சட்டம், எங்கள் மேசைக்கு ஒரு சட்டம்.

களுதாவளைத் தம்பி: துளையில் றப்பர் வளையம் போட்டால்?

வாவிக்கரை: எண்ணெய் இறங்காது, அங்கேயே தேங்கும். அடியில் இருக்கும் அரியதரம் அதில் ஊறும். வாழையிலையை வட்டமாக வெட்டிப் போடலாம் என்று அடுத்து யாராவது வருவீர்கள். இலை எண்ணெயை உறிஞ்சாது. கீழ்த்தட்டு, கீழ்த்தட்டு, கீழ்த்தட்டு.

காரைதீவுக்காரி: உச்சியில்தான் வைப்பேன். வருஷத்தன்று படம் போடுகிறேன்.

வாவிக்கரை: காலையில் வேண்டாம், பின்னேரம் எடுத்துப் போடுங்கள். கம்பியோரத்து முறுக்கும் தெரியட்டும்.

திருக்கோவில் மாமா: வெற்றிலைக்குத் தாம்பாளம் இருக்கிறது, தம்பி.