பிரஷர் அட்டையில் SYS, DIA: சுருங்கழுத்தமா, மேல் எண்ணா?

குடியாத்தம், அட்டை தயாரிப்பவர்

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதிவைக்கும் அட்டை ஒன்று வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஏழு நாளுக்கு ஏழு வரிசை. காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, பிறகு அன்றைய சராசரி, கடைசியில் குறிப்பு. வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் பீடி சுற்றும் பெண்களும் தறி ஓட்டுகிறவர்களும்தான். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார்கள். கருவியின் திரையில் SYS, DIA, PUL என்று மூன்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. முதல் இரண்டுக்கும் அட்டையில் என்ன தலைப்பு வைப்பது? ஒரு கட்டத்தின் அகலம் இரண்டு சென்டிமீட்டர்.

வாலாஜா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. சுருங்கழுத்தம், விரியழுத்தம் என்று போடுங்கள். சிலர் சுருக்கழுத்தம் என்று எழுதுகிறார்கள், அது பிழை. சுருக்குதல் பிறவினை, யாரோ இதயத்தைப் பிடித்துச் சுருக்குவதாகப் பொருள்படும். இதயம் தானே சுருங்குகிறது. சுருங்கு என்னும் தன்வினைப் பகுதியோடு அழுத்தம் சேர்ந்தால் வினைத்தொகை. சுருங்கிய, சுருங்குகின்ற, சுருங்கும் என்று முக்காலமும் அதில் அடங்கும். ஓயாமல் துடிக்கும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தொகை இல்லை. அதே காரணத்தால் விரிவழுத்தமும் கூடாது. விரிவு தொழிற்பெயர். ஒன்று வினைத்தொகையாகவும் மற்றொன்று பெயர்த்தொகையாகவும் இருந்தால் இணை கெட்டுவிடும். விரி, அழுத்தம், நடுவில் யகர உடம்படுமெய்: விரியழுத்தம்.

அட்டையின் தலையில் இரத்த அழுத்தம் என்று இருந்தால் அதையும் குருதியழுத்தம் என்று மாற்றிவிடுங்கள். குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே குருதி இருக்கிறது.

திருப்பத்தூர், கல்லூரி மாணவர்

ஐயா, இலக்கணம் புரிகிறது. ஆனால் இரண்டு சென்டிமீட்டர் கட்டத்தில் விரியழுத்தம் எப்படி அடங்கும்? உயரழுத்தம், தாழழுத்தம் என்று வைத்தால் எது பெரியது எது சிறியது என்று சொல்லிலேயே தெரியும். எளிமையாகவும் இருக்கிறது, தூய தமிழாகவும் இருக்கிறது.

காட்பாடி, செவிலியர்

தம்பி, அதை மட்டும் வைத்துவிடாதீர்கள். உயர் இரத்த அழுத்தம் என்பது நோயின் பெயராக ஊரெல்லாம் பரவிவிட்டது. உயரழுத்தம் என்ற தலைப்புக்குக் கீழே 118 என்று எழுதுகிற அம்மா, தனக்கு பிரஷர் வந்துவிட்டது என்றே நினைப்பார். தாழழுத்தத்தின் கீழே 76 என்று பார்த்தால் லோ பிரஷர் என்று பயந்து, உப்பு போட்ட மோர் குடிப்பார். இரண்டும் நல்ல அளவுகள். ஐயாவின் சுருங்கழுத்தத்திலும் இதே சிக்கல் உண்டு. சுருங்கின என்றால் குறைந்த என்றுதான் காதில் விழும்.

இங்கே எல்லாரும் சொல்வது "மேல எவ்ளோ, கீழ எவ்ளோ" என்றுதான். அதையே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. திரையில் மூன்று எண்கள் வருகின்றன. கீழே இருப்பது எது என்றால் கடைசியில் இருக்கும் நாடித்துடிப்பு. 142, 88, 71 என்று காட்டினால் சிலர் 142/71 என்று எழுதி வருவார்கள். 88 எங்கேயும் பதிவாகாது. 71 நல்ல அளவுபோல் தெரிவதால் பார்க்கிறவர்களுக்கும் சந்தேகம் வராது. கண்டுபிடிக்க வழி உண்டு: கீழ் அளவும் நாடியும் எல்லா வரிசையிலும் ஒரே எண்ணாக இருந்தால், அல்லது நாடிக் கட்டம் முழுக்கக் காலியாக இருந்தால், கருவியை நேரில் கொண்டுவரச் சொல்லி நினைவகத்திலிருந்து பழைய அளவுகளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதனால் அழுத்தம் என்ற சொல்லே தலைப்பில் வேண்டாம். மேல் எண், நடு எண், நாடி என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் SYS, DIA, PUL என்ற எழுத்துகளையும் அச்சிடுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் திரையில் இருக்கும் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

வாலாஜா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே என்பது தொல்காப்பியம். மேல் எண் எந்தப் பொருளைக் குறிக்கிறது? திரையில் ஓர் இடத்தைக் குறிக்கிறது, அவ்வளவுதான். நாளை ஒருவன் SYS எண்ணை இடப்பக்கமும் DIA எண்ணை வலப்பக்கமும் வைத்துக் கருவி செய்தால் உங்கள் கலைச்சொல் அன்றைக்கே செத்துவிடும்.

இன்னொன்று, சராசரியும் தமிழ்ச்சொல் அன்று. மராத்தியிலும் இதே வடிவம் இதே பொருளில் வழங்குகிறது. தாசில்தார், ஜமாபந்தி எல்லாம் வந்த அதே வரிக்கணக்கு வழியில் இதுவும் நமக்கு வந்திருக்க வேண்டும். நிரவல் என்று போடலாம். மண்ணை நிரவுவது நம் உழவர் நாவில் இன்றும் இருக்கிற சொல்.

திருப்பத்தூர், கல்லூரி மாணவர்

சரிக்குச் சரி என்பதுதான் சராசரி ஆனது என்று நினைத்திருந்தேன். எதுவானாலும், நான்கு தடவை பார்த்துச் சராசரி எடுத்துவிட்டால் கருவியின் தவறெல்லாம் சமமாகிவிடும் அல்லவா? அதனால் அந்தக் கட்டத்தைத்தான் பெரிதாகப் போட வேண்டும்.

காட்பாடி, செவிலியர்

பாதிதான் சரி, தம்பி. ஒரு தடவை கூட, ஒரு தடவை குறைய என்று வரும் தடுமாற்றத்தைச் சராசரி அடக்கும். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் கூடுதலாகவே காட்டும். நாற்பது தடவை பார்த்தாலும் கூடுதலின் சராசரிதான் கிடைக்கும். கை தொங்கினாலும், பேசிக்கொண்டே பார்த்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் அப்படியே. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி கையை மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது அளவு. பீடி, காபி, வெற்றிலை புகையிலை எதுவும் அதற்கு முன் அரைமணி நேரம் கூடாது.

நிரவல் என்ற சொல்லுக்கு ஐயாவுக்கு நன்றி. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளுவதுதானே நிரவுவது? இந்தக் கட்டத்தின் ஆபத்தும் அதுதான். கீழே உள்ளதைப் பாருங்கள்.

```
        மேல்/நடு   மேல்/நடு   சராசரி
காலை    154/92     148/90     151/91
மாலை    128/80     126/78     127/79
நாள்                          139/85
```

மருத்துவர் 139/85 மட்டும் பார்த்தால், வீட்டு அளவுக்குச் சொல்லப்படும் 135/85 எல்லையை ஒட்டித்தானே இருக்கிறது என்று தோன்றும். காலையில் மாத்திரை போடும் முன் 151 இருப்பது நிரவப்பட்டுப் போயிற்று. இப்படி ஏழு நாளும் காலை மட்டும் உயர்ந்திருந்தால், முந்தின நாள் போட்ட மாத்திரையின் வேகம் விடியும் முன்பே தீர்ந்துவிடுகிறதா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். காலைச் சராசரி, மாலைச் சராசரி இரண்டுக்கும் தனிக்கட்டம் கட்டாயம் வேண்டும்.

ஆரணி, வாசகர்

எங்கள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் 148, வீட்டில் 136 காட்டுகிறது. எந்த மெஷின் வாங்கினால் சரியாகக் காட்டும்? மணிக்கட்டில் கட்டுவது நல்லதா?

காட்பாடி, செவிலியர்

இங்கே பேசுவது அட்டையின் தலைப்பைப் பற்றி, ஐயா. இருந்தாலும் சொல்கிறேன்: வீட்டு அளவு குறைவாக இருப்பது பலருக்கும் வழக்கம். அதனால்தான் மருத்துவமனையில் 140/90 என்றால் வீட்டில் 135/85 என்று எல்லையையே குறைத்து வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டைவிட மேல்கையில் கட்டுவதை நம்பலாம். அம்மாவின் மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளந்து, அதற்கேற்ற பட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆம்பூர், கணக்காளர்

அட்டையைக் கணினியில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். 154/92 என்று ஒரே கட்டத்தில் அடித்தால் அது எண் ஆகாது, வெறும் எழுத்து. மேல் எண்ணுக்குத் தனி, நடு எண்ணுக்குத் தனி. மேல் எண்ணில் காலை இரண்டும் B, C; மாலை இரண்டும் D, E என்றால்:

```
=AVERAGE(AVERAGE(B2:C2),AVERAGE(D2:E2))
```

பார்க்காத வேளையில் சுழியம் போடவே கூடாது. மேலே சொன்ன நாளில் மாலை இரண்டாவது அளவு விட்டுப்போய் அங்கே 0 அடித்தால், நாலையும் கூட்டி வகுக்கும்போது 107.5 வரும். காலியாக விட்டால் மூன்றின் சராசரி 143 சொச்சம். நான் கொடுத்த சூத்திரத்தில் 139.5, காலை மாலை இரண்டுக்கும் சம எடை கிடைப்பதால் இதுவே நியாயம் என்பது என் கருத்து. மாலை முழுக்கவே காலி என்றால் #DIV/0! என்று வரும். அதை மறைக்க வேண்டாம், அன்றைக்கு நாள் சராசரி கிடையாது, அவ்வளவுதான்.

தினசரி சராசரி என்று தலைப்பு வைக்காதீர்கள். தினசரிச் செய்தித்தாள் மாதிரி வழக்கமான சராசரி என்று படிப்பார்கள். நாள் சராசரி போதும்.

காட்பாடி, செவிலியர்

சம எடை விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பார்த்த அளவெல்லாம் அளவுதான், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பதே வழக்கம். ஏழு நாள் முடிந்ததும் முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளைத்தான் கணக்கில் எடுக்கிறோம். அதற்குள் இந்த வித்தியாசம் கரைந்துவிடும்.

குடியாத்தம், அட்டை தயாரிப்பவர்

காலை, மாலை என்பதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. மாலை என்றால் டீ நேரத்தில் ஐந்து மணிக்குப் பார்த்துவிடுகிறார்கள்.

வாலாஜா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சிறுபொழுது ஆறில் காலை என்பது ஆறு முதல் பத்து. மாலையும் அந்தியில் ஆறு முதல் பத்து. ஐந்து மணி எற்பாடு. உங்களுக்கு வேண்டிய நேரத்தைப் பழந்தமிழ் மணிக்கணக்காகவே வகுத்து வைத்திருக்கிறது. சொல்லை மாற்றாதீர்கள், பொருளை மீட்டுக் கொடுங்கள்.

காட்பாடி, செவிலியர்

ராணிப்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்கு எது காலை, ஐயா? எழுந்ததும், படுக்குமுன் என்று போட்டால் யாருக்கும் பொருந்தும். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்தபின், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன். இதைச் சின்ன எழுத்தில் அடியில் போடுங்கள்.

குறிப்பு என்பதை அப்படியே விடலாம். ஆனால் வெற்றுக்கட்டமாக விட்டால் யாரும் எழுத மாட்டார்கள். மாத்திரை விட்டது, காய்ச்சல், தூக்கமில்லை, வலி என்று நான்கு சொல்லை அச்சிட்டு வட்டமிடச் சொல்லுங்கள். அளவு விபரீதமாகத் தெரிந்தாலும் அடிக்கக் கூடாது, பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும். 180/120 தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வாய் குழறலோ இருந்தால் எழுதிக்கொண்டு உட்காராமல் 108-க்குப் போன் செய்யச் சொல்லி ஒரு வரி, தடித்த எழுத்தில்.

குடியாத்தம், அட்டை தயாரிப்பவர்

இதுவரை எழுதியவர்களில் மூன்று பேர் மேல் எண், நடு எண் பக்கம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். எழுந்ததும், படுக்குமுன், நாள் சராசரி, குறிப்பு. இரத்த அழுத்தம் மாறவில்லை. சம எடையா, மொத்தக் கூட்டலா என்பது அச்சில் வராது, கணினிக்குப் போகும்போது பார்க்கலாம். இன்றிரவு கோப்பு போகிறது.

வாலாஜா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பெரும்பான்மைக்கு நான் கட்டுப்படுகிறேன், சொல்லுக்கு உடன்படவில்லை. அட்டையின் பின்பக்கம் காலியாக இருக்கும் என்றால், மேல் எண் சுருங்கழுத்தம், நடு எண் விரியழுத்தம் என்று ஒரு வரியாவது அங்கே போடுங்கள், தம்பி. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் படித்துச் சொல்லும்.

குடியாத்தம், அட்டை தயாரிப்பவர்

பின்பக்கத்தில் இடம் இருக்கிறது, ஐயா. விரிவா, விரியா என்று மட்டும் இன்னொரு முறை உறுதிப்படுத்துங்கள். அச்சகத்துக்காரர் அது எழுத்துப்பிழை என்று ஏற்கெனவே ஒரு தடவை திருத்திவிட்டார்.