புதுப்பிப்பு: மாங்கூழ் ஒப்பந்தத்தில் அந்தக் காற்புள்ளி

விவசாயிகளுக்கும் மாங்கூழ் ஆலைக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், எது நேர்ந்தால் பொறுப்பிலிருந்து விலக்கு என்று சொல்லும் பிரிவைப் பற்றி முன்பு கேட்டது: “‘தரப்பினரின் கட்டுப்பாட்டை மீறிய தீ, வெள்ளம், வேலைநிறுத்தம்’ என்று எழுதினால் போதுமா?”

போதாது. கிருஷ்ணகிரி வக்கீல் அக்கா வரைவைப் பார்த்ததும் அந்த இடத்தில்தான் விரலை வைத்தார். ‘கட்டுப்பாட்டை மீறிய’ என்பது தீக்கு மட்டுமா, மூன்றுக்குமா? தீக்கு மட்டும் என்று வாதிட்டால், கூலியைப் பிடித்துவைத்து ஆலை தானே வரவழைத்த வேலைநிறுத்தமும் விலக்காகிவிடும். பெங்களூரா மாங்காயோடு விவசாயி வாசலில் நிற்பார். இப்போது இப்படி மாற்றியிருக்கிறோம்:

“பின்வருவனவற்றில் எது நேர்ந்தாலும், அது தரப்பினரின் கட்டுப்பாட்டை மீறியதாக இருந்தால் மட்டும்: (அ) தீ; (ஆ) வெள்ளம்; அல்லது (இ) வேலைநிறுத்தம்.”

உருப்படிகளுக்கு இடையே அரைப்புள்ளி, கடைசிக்கு முன் ‘அல்லது’. நிபந்தனை பட்டியலுக்கு வெளியே வந்துவிட்டது.

1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவே காப்பாற்றும் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பாதி சரி. செய்யவே முடியாமல் போனால் அது ஒப்பந்தத்தையே செல்லாததாக்கும். பத்து நாள் தள்ளிக் கொடுக்க அவகாசம் வேண்டுமானால் நாம்தான் எழுத வேண்டும்.

எழுதியிருப்பது மட்டுமே முழு ஒப்பந்தம் என்று சொல்லும் பிரிவில் ‘உடன்படிக்கை’, மற்ற இடமெல்லாம் ‘ஒப்பந்தமும் இணைப்புகளும்’ என்றிருந்தது. விலைப்பட்டியல் இருப்பது இணைப்பில்! அது வெளியே போய்விடாதபடி எங்கும் ஒரே சொற்றொடராக்கினோம்.

கிரானைட் தொழில் செய்யும் அண்ணன் ஒருவர் தன் குவாரி குத்தகையில் ஒவ்வொரு தரப்பும் தனித்தனிப் பிரதியில் கையெழுத்திட்டதைச் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பிரதிக்கும் எவ்வளவு முத்திரைத்தாள் என்பதை அக்கா இன்னும் பார்க்கிறார்.