மொய் உறைக்குள்ள நாலு வரி: நீங்க என்ன எழுதினீங்க?

பொகவந்தலாவை அக்கா:
பக்கத்து லயத்துப் பிள்ளைக்குப் போன மாசம் கல்யாணம். "பதினாறும் பெற்று பெருவாழ்வு வாழ்க"ன்னு எழுதிட்டு, மனசு கேக்காம கிழிச்சுப் போட்டேன். அவ சாதாரண தரப் பரீட்சைக்கு எங்க வீட்டு விளக்குலதான் படிச்சா. அதையே எழுதினேன்:

"பாப்பா, ராத்திரி பத்து மணிக்குப் படிச்சு முடிச்சதும் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வச்சுட்டுத்தான் போவ. அந்தக் கோப்பையை இன்னும் வேற யாருக்கும் குடுக்கல. தம்பி, இவ களைச்சுப் போனாலும் வாயத் திறந்து சொல்லமாட்டா. நீங்கதான் கேக்கணும். ரெண்டு பேரும் வாங்க, கோப்பை ரெண்டாகட்டும்."

மூணு நாள் கழிச்சு அழுதுகிட்டே கோல் பண்ணினா.

ஹட்டன் மாமா:
இருவது வருசமா மொய் மேசையில உக்காந்து எழுதுறேன் தங்கச்சி. உறையைக் கிழிச்சு, காசை எண்ணி, பேரையும் தோட்டத்தையும் நோட்டுல எழுதினதும் வெறும் உறை பெட்டிக்குள்ள போயிரும். உறை மேல எழுதின எத்தனையோ நல்ல வரி அப்பிடியே குப்பைக்குப் போனதைப் பாத்திருக்கேன். அதனால தனித் தாள்ல எழுதுங்க. காசைச் சுத்தி மடிக்காதீங்க, அப்பிடி மடிச்சா மேசையில எல்லாருக்கும் முன்னால பிரிக்க வேண்டிவரும். நாலா மடிச்சு வெளியில "பொண்ணுக்கு மட்டும்"னு போட்டா நான் பிரிக்காம அவ கையிலயே குடுத்துருவேன். ஆனா உங்க பேரும் தோட்டமும் உறை மேல கட்டாயம் இருக்கணும், இல்லாட்டி திருப்பிச் செய்ய அவங்களுக்கு வழியில்ல.

பண்டாரவளை தம்பி:
பழைய ஞாபகம் ஒண்ணு எழுதினாலே போதும் அக்கா. நான் கூட்டாளிக்கு, பள்ளிக்கூடத்துல நாங்க பண்ணின கூத்தை எழுதிக் குடுத்தேன்.

பொகவந்தலாவை அக்கா:
ஞாபகம் சரிதான் தம்பி. ஆனா அதை மாப்பிள்ளை வீட்டு ஆளும் எடுத்து வாசிக்கலாமே. பழைய காதல், வாங்கின அடி, வீட்டுக் கஷ்டம் இதெல்லாம் வேணாம். நான் முதல்ல "உங்க லயத்துல கரண்ட் இல்லாத காலம்"னு தொடங்கியிருந்தேன். அவ அம்மா முகம் நினைவுக்கு வந்துச்சு, வெட்டிட்டேன்.

மஸ்கெலியா தங்கச்சி:
அக்கா, ஆயிரம் வைக்கிறதா, ஆயிரத்தொண்ணா?

ஹட்டன் மாமா:
எங்க பக்கம் ஒத்தை ரூபா சேத்துத்தான் வைப்பாங்கம்மா. இங்க பேசுறது கடிதத்தைப் பத்தி. அதுல தொகையை எழுதாதீங்க.

தலவாக்கலை ஆசிரியை:
நாளன்னைக்கு என் மாணவிக்குக் கல்யாணம். கொழுந்து எடுத்து அவளைப் படிக்கவச்ச அம்மா போன வருசம் தவறிட்டாங்க. அவங்களைப் பத்தி எழுதலாமா?

ஹட்டன் மாமா:
கல்யாண நாள்ல வேணாம் டீச்சர். மேடையிலயே உடைஞ்சு போயிரும் பிள்ளை.

பொகவந்தலாவை அக்கா:
நான் எழுதுவேன் டீச்சர். அன்னைக்கு எல்லாரும் அந்தப் பேச்சைத் தவிர்ப்பாங்க, அவ மனசுல அம்மா மட்டும்தான் இருப்பாங்க. சாவைப் பத்தி ஒரு சொல்லும் வேணாம். அந்த அம்மா உங்ககிட்ட மகளைப் பத்திச் சொன்ன ஒரு வார்த்தை இருந்தா, அதை அப்பிடியே எழுதுங்க.

தலவாக்கலை ஆசிரியை:
இருக்கு. ரிப்போர்ட் வாங்க வந்த அன்னைக்கு, கொழுந்துக் கறை படிஞ்ச விரலால அவ பேரைத் தொட்டுக் காட்டி, "இது என் மக எழுத்தா டீச்சர்"னு கேட்டாங்க.