6 பேர் இருக்கும் பிரிவின் சராசரியை எவ்வளவு இழுப்பது?

மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். பத்தாம் வகுப்பில் 5 பிரிவு. நான்கில் தலா 38 பேர், சராசரி 58, 59, 62, 63. ஆங்கில வழிப் பிரிவில் 6 பேர்தான், சராசரி 73. பள்ளிச் சராசரி 61.

இரண்டு பேர் நன்றாக எழுதினாலே அந்த 73 எகிறிவிடும். அதனால் அதைப் பள்ளிச் சராசரி பக்கம் இழுக்கும் ஷ்ரிங்கேஜ் போட்டேன்:

```
(n*பிரிவு + k*பள்ளி)/(n+k)
```

n என்பது பிரிவில் இருக்கும் மாணவர் எண்ணிக்கை; k என்பது பிரிவுக்குள் இருக்கும் மாறுபாட்டை பிரிவுகளுக்கு இடையிலான மாறுபாட்டால் வகுத்தது. பிரிவுக்குள் திட்ட விலக்கம் 15, அதாவது மாறுபாடு 225.

எக்செல்லில் ஐந்து சராசரிக்கும் `VAR.S` போட்டால் 35.5, k சுமார் 6, விடை 67. அந்த 35.5-இல் தற்செயல் ஆட்டமும் கலந்திருக்கிறதே என்று 225/n-களின் சராசரியான 12.2-ஐக் கழித்தேன். k கிட்டத்தட்ட 10, விடை 65.5. இதுவரை சரி.

சிறிய பிரிவை விட்டுவிட்டுக் கணக்கிட்டால்தான் வம்பு. மாறுபாடு 5.7, கழிக்க வேண்டியது 5.9. மைனஸ்! அதை 0 என்று வைத்தால் k முடிவிலியாகி, 73 முழுசாக 61 ஆகிவிடும்; அந்த ஆறு பேருக்கு அது அநியாயம்.

திங்கட்கிழமை தேர்ச்சிக் கூட்டம். k கணக்கிடும்போது அந்தச் சிறிய பிரிவைச் சேர்க்க வேண்டுமா, விட வேண்டுமா?